சோதித்ததே ஓட வேண்டும்

பெரும்பாலான மென்பொருள் குழுக்களில் ஒரே செயலி மூன்று இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும். நிரல் எழுதுபவர்கள் தங்கள் மாற்றங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் இடம் டெவலப்மென்ட். டெஸ்டர்கள் வாடிக்கையாளர்களைப் போலப் பயன்படுத்திச் சரிபார்க்கும் ஒத்திகைக் களம் ஸ்டேஜிங். மக்கள் உண்மையிலேயே டிக்கெட் எடுத்துப் பணம் கட்டும் இடம் புரொடக்‌ஷன். ஒரு மாற்றம் முதல் இடத்திலிருந்து கடைசி இடத்துக்குப் போய்ச் சேர இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. முதல் வழக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் நிரலில் தனிக் கிளை உண்டு. மாற்றங்களைக் கிளைக்குக் கிளை மெர்ஜ் செய்து, அந்தந்த இடத்தில் புதிதாக பில்டு எடுப்பார்கள். இரண்டாவது வழக்கத்தில் பில்டு ஒரே ஒரு முறைதான் எடுக்கப்படும். அந்த ஒரே பில்டுதான் மூன்று இடங்களுக்கும் வரிசையாகப் போகும்.

நிரல் என்பது மனிதர்கள் எழுதிப் படிக்கும் உரை. அது அப்படியே சர்வரில் ஓடிவிடாது. எழுதிய நிரலோடு, வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் நூற்றுக்கணக்கான தொகுப்புகளையும் கீழே தாங்கும் இயங்குதளத் துண்டுகளையும் கட்டி, ஓடக்கூடிய ஒரு பொருளாக ஆக்க வேண்டும். அந்த வேலையும் அதில் கிடைக்கும் பொருளும் பில்டு என்றே அழைக்கப்படுகின்றன. கிளை என்பது நிரலின் வரலாற்றில் ஒரு தனித்தடம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் என்ற கருவியில் கிளை பிரிப்பதும் திரும்பச் சேர்ப்பதும் நொடிப்பொழுதில் முடிகிற வேலை. அவ்வளவு எளிது என்பதாலேயே ‘சர்வர் மூன்று, ஆகவே கிளையும் மூன்று’ என்ற ஏற்பாடு பல குழுக்களில் யாரும் பெரிதாக யோசிக்காமலே அமைந்துவிடுகிறது. `develop`, `staging`, `production` என்று கிளைகளுக்குப் பெயரிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சர்வரோடு இணைத்துவிட்டால், கிளையில் வந்து சேர்வதெல்லாம் அந்த சர்வருக்குத் தானாகப் போய்விடும். பார்க்கவும் ஒழுங்காக இருக்கும்.

இந்த ஒழுங்கு எங்கே குலைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பேருந்து டிக்கெட் முன்பதிவு செய்யும் ஒரு கற்பனைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு மாற்றங்கள் ஒரே வாரத்தில் தயாராகின்றன. ஒன்று புதிய இருக்கைப் படம். அதை எழுதியவர், கட்டணத்தை ரூபாயில் வைத்திருந்தால் பின்னக் கணக்கில் பிசகு வருகிறது என்று, உள்கணக்கு முழுவதையும் பைசாவுக்கு மாற்றிவிடுகிறார். இரண்டாவது மாற்றம் மூத்த குடிமக்களுக்கு 25 சதவீதத் தள்ளுபடி, அதிகபட்சம் 50 ரூபாய் வரை. அதை எழுதியவர் `develop` கிளையில் ஏற்கெனவே பைசாக் கணக்கு வந்துவிட்டதைப் பார்த்து, அதற்கேற்ப 50 ரூபாயை 5000 பைசா என்று எழுதுகிறார்.

```
discount = min(fare * 25 / 100, 5000)
```

இரண்டு மாற்றங்களும் ஸ்டேஜிங்குக்குப் போகின்றன. டெஸ்டர் 800 ரூபாய் டிக்கெட் ஒன்றை எடுத்துப் பார்க்கிறார். உள்ளே கட்டணம் 80,000 பைசா, 25 சதவீதம் 20,000 பைசா, உச்சவரம்பு 5000 பைசா. தள்ளுபடி 50 ரூபாய், கட்ட வேண்டியது 750 ரூபாய். சரியான கணக்கு, தேர்ச்சி. ஆனால் இருக்கைப் படம் சில பழைய போன்களில் சரியாக வரவில்லை. தள்ளுபடியோ முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிட்டது, நாளைக் காலைக்குள் வந்தாக வேண்டும். கிளை முறையில் இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. தள்ளுபடிக்கான கமிட்டை மட்டும் பொறுக்கி எடுத்து `production` கிளையில் வைப்பது. செர்ரி-பிக் என்பார்கள். இரண்டு மாற்றங்களும் வெவ்வேறு கோப்புகளில் இருப்பதால் கிட் எந்த முரணையும் காட்டாது. பில்டும் பிழையில்லாமல் முடியும்.

புரொடக்‌ஷனில் கட்டணம் இன்னும் ரூபாயில்தான் இருக்கிறது. அதே 800 ரூபாய் டிக்கெட்டுக்கு 25 சதவீதம் 200. உச்சவரம்பு என்று எழுதியிருக்கும் 5000 இப்போது 5000 ரூபாய் என்றே பொருள்படுகிறது. 200 அதைவிடக் குறைவு என்பதால் முழு 200 ரூபாயும் தள்ளுபடியாகி, பயணி 600 ரூபாய் மட்டும் கட்டுகிறார். ஒவ்வொரு டிக்கெட்டிலும் 150 ரூபாய் போகிறது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது, தள்ளுபடி கூடுதலாகக் கிடைத்தவர் புகார் செய்யவும் மாட்டார். மாதக் கணக்குப் பார்க்கும்போதுதான் இது வெளியே வரும். டெஸ்டர் தன் வேலையில் தவறவில்லை, தள்ளுபடியை எழுதியவரும் தவறவில்லை. அந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்திருந்த ஒரு பொருளை டெஸ்டர் சோதித்தார். ஒன்று மட்டும் இருக்கிற வேறொரு பொருள் மக்களிடம் போனது. அந்தச் சேர்க்கையை அதற்கு முன் எவரும் ஓட்டிக்கூடப் பார்த்ததில்லை.

செர்ரி-பிக் மட்டும்தான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மெர்ஜ் செய்யும்போது முரண் வந்து, அதை ஒருவர் கையால் தீர்த்தால், தீர்த்த பிறகு கிடைக்கிற நிரல் புதியது. அது எந்த ஸ்டேஜிங்கையும் பார்த்ததில்லை. இரவில் தளம் விழுந்து, ஒருவர் `production` கிளையிலேயே நேரடியாக ஒரு ஹாட்ஃபிக்ஸ் போட்டு, காலையில் அதை `develop` கிளைக்குத் திருப்பிக் கொண்டுவர மறந்துவிட்டால், சில வாரங்களில் அதே பழுது திரும்ப வந்து நிற்கும். கிளைகள் இப்படி விலகிப் போயிருக்கின்றனவா என்று கண்டுபிடிக்க ஒரு கட்டளை போதும்.

```
git cherry -v develop production
```

`production` கிளையில் மட்டும் இருக்கிற கமிட்டுகளை இது வரிசையாகக் காட்டும். அதே மாற்றம் `develop` கிளையிலும் இருந்தால் வரியின் தொடக்கத்தில் `-` என்ற குறி இருக்கும். இல்லாவிட்டால் `+`. ஒன்றிரண்டு ஆண்டுகள் இந்த முறையில் ஓடிய திட்டங்களில் `+` வரிகள் நீளமாகவே வரும். அவற்றில் ஒவ்வொன்றும் புரொடக்‌ஷனில் மட்டும் வாழ்கிற ஒரு நடத்தை. அதை ஸ்டேஜிங்கில் சோதிக்கவே வழியில்லை.

கிளை முறைக்கு ஆதரவாக ஒரு நியாயமான வாதம் உண்டு. மாற்றங்கள் எப்போதும் ஒரே திசையில்தான் போக வேண்டும், கீழ்க்கிளையில் யாரும் நேரடியாக எழுதக் கூடாது, முரண் வரவே இடமில்லாதபடி `git merge --ff-only` என்று மட்டுமே சேர்க்க வேண்டும் என்று கண்டிப்பாக நடந்தால், மூன்று கிளைகளிலும் ஒரே நிரல்தானே இருக்கும்? இருக்கும். மேலே சொன்ன தொல்லைகள் அத்தனையும் அப்போது நீங்கிவிடும். ஆனால் ஒன்று மிஞ்சும். ஒரே நிரலிலிருந்து இரண்டு முறை பில்டு எடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

2022 ஜனவரியில் நடந்தது இதற்குச் சரியான சான்று. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் `colors` என்றொரு சிறு தொகுப்பு இருக்கிறது. திரையில் எழுத்துகளுக்கு வண்ணம் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆயிரக்கணக்கான திட்டங்கள் அதைச் சார்ந்திருந்தன. அதை எழுதியவரே 1.4.1 என்ற பதிப்பில் முடிவில்லாமல் சுற்றும் ஒரு வளையத்தை வேண்டுமென்றே வைத்து வெளியிட்டார். அதைச் சேர்த்துக் கட்டிய நிரல்கள் திரை முழுக்கக் குப்பை எழுத்துகளைக் கொட்டிக்கொண்டு நின்றுபோயின. ஒரு குழு தன் சார்புப் பட்டியலில் இப்படி எழுதியிருந்ததாக வைத்துக்கொள்வோம்.

```
"colors": "^1.4.0"
```

அந்த `^` குறிக்கு, 1.4.0 அல்லது அதே வரிசையில் அதற்குப் பின் வந்த எதுவானாலும் சரி என்று பொருள். 1.4.1 வெளிவருவதற்கு முந்தைய நாள் ஸ்டேஜிங் பில்டு எடுத்திருந்தால் அதில் 1.4.0 இருக்கும், எல்லாச் சோதனையும் தேறும். மறுநாள், நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல், `production` கிளையிலிருந்து பில்டு எடுத்தால் அதில் 1.4.1 வந்து உட்கார்ந்திருக்கும். `package-lock.json` கோப்பை வைத்துக்கொண்டு, `npm install` என்பதற்குப் பதிலாக `npm ci` என்று கட்டினால் தொகுப்புகளின் பதிப்பு பூட்டப்படும். அது கட்டாயம் செய்ய வேண்டியது. ஆனாலும் அந்தப் பூட்டுக்கு வெளியே பலவும் இருக்கின்றன. டாக்கர் கோப்பில் `FROM node:20` என்று எழுதினால் இன்று கிடைக்கிற அடித்தளமும் அடுத்த மாதம் கிடைக்கிற அடித்தளமும் வேறு. இயங்குதளத் துண்டுகள், கம்பைலர், பில்டு எடுக்கும் கணினியின் அமைப்பு என ஒவ்வொன்றும் தன் போக்கில் நகர்ந்துகொண்டிருக்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒரு பருக்கை அந்தப் பானைக்கு மட்டுமே சாட்சி சொல்ல முடியும். அதே அரிசியை அதே அளவு தண்ணீரில் இன்னொரு பானையில் வைத்தால், அதற்குத் தனியாகப் பதம் பார்த்தாக வேண்டும்.

இந்த நியாயத்தைத் தெளிவாக விதியாக்கி எழுதியவர்கள் ஜெஸ் ஹம்பிளும் டேவிட் ஃபார்லியும். 2010இல் வெளிவந்த ‘கன்டினுவஸ் டெலிவரி’ என்ற நூலில், ஓடக்கூடிய கோப்புகளை ஒரு முறை மட்டுமே கட்ட வேண்டும், கட்டியதையே எல்லாக் கட்டங்களுக்கும் நகர்த்த வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தினார்கள். இந்த முறையில் நிரலுக்கு ஒரே முதன்மைக் கிளை. அதில் ஒரு கமிட் வந்து சேர்ந்ததும் பில்டு எடுக்கப்பட்டு, ஒரு களஞ்சியத்தில் வைக்கப்படும். டாக்கர் 2013இல் வந்த பிறகு இது மிகவும் எளிதாகிவிட்டது. செயலியும் அதற்குத் தேவையான அனைத்தும் ஒரே இமேஜாகக் கட்டப்படுகின்றன. அந்த இமேஜின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் ஒரு கைரேகை அதற்கு உண்டு. `sha256:` என்று தொடங்கி 64 எழுத்துகள் நீளும். உள்ளே ஒரு பைட் மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். டெஸ்டர் ஒப்புதல் கொடுக்கும்போது ‘ஸ்டேஜிங் கிளை சரியாக இருக்கிறது’ என்று சொல்வதில்லை. இந்தக் கைரேகை உடைய இமேஜ் சரியாக இருக்கிறது என்கிறார். புரொடக்‌ஷனுக்குப் போவதும் அதே கைரேகைதான்.

```
docker run --env-file staging.env    registry.example.com/ticket@$DIGEST
docker run --env-file production.env registry.example.com/ticket@$DIGEST
```

இரண்டு வரிகளுக்கும் இடையே மாறுவது அமைப்புக் கோப்பின் பெயர் மட்டும்தான். எந்தத் தரவுத்தளத்தோடு பேச வேண்டும், எந்தக் கட்டண வாயிலுக்குப் போக வேண்டும், கடவுச்சொல் என்ன என்பதெல்லாம் இமேஜுக்கு வெளியே இருந்து, ஓடத் தொடங்கும் நேரத்தில் உள்ளே கொடுக்கப்படுகின்றன. இந்த முறை நிற்பதற்கு இந்தப் பிரிப்புதான் அடிப்படை. ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2011இல் எழுதி வைத்த ‘ட்வெல்வ்-ஃபாக்டர்’ நெறிகளில், அமைப்புகளை நிரலுக்குள் வைக்காமல் சூழல் மாறிகளாக வெளியே வைக்க வேண்டும் என்பதும் ஒன்று. பில்டுக்குள் ஸ்டேஜிங்கின் முகவரியை எழுதிவிட்டால் அது ஸ்டேஜிங்கைத் தவிர வேறெங்கும் போக முடியாது. உடனே இன்னொரு பில்டு தேவைப்படும், கதை திரும்பத் தொடங்கிவிடும்.

நடைமுறையில் பலர் தடுக்கி விழும் இடம் இணையப் பக்கத்தின் முன்பகுதி. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டைக் கட்டும் கருவிகள் பலவும், சர்வர் முகவரியைப் பில்டு எடுக்கும் நேரத்திலேயே கோப்புக்குள் பதித்துவிடுகின்றன. பக்கம் திறந்ததும் `/config.json` என்ற சிறு கோப்பைப் படித்து, முகவரியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி மாற்றினால் ஒரே பில்டு எங்கும் ஓடும். இன்னொரு வழுக்கல், பெயர்ச்சீட்டை நம்புவது. `ticket:latest` என்ற சீட்டை யார் வேண்டுமானாலும் எடுத்து வேறோர் இமேஜில் ஒட்டிவிடலாம். காலையில் சோதித்த `latest` மாலையில் வேறொன்றாக இருக்கலாம். கைரேகையை அப்படி மாற்ற முடியாது.

போன் செயலிகளில் இந்த முறை பொதுமக்கள் அறியாமலே நடந்துவருகிறது. கூகிள் பிளே ஸ்டோரில் ஒரு செயலியின் தொகுப்பை முதலில் உள்வட்டச் சோதனைக்கு ஏற்றி, அங்கே தேறியதும் அதே தொகுப்பை அடுத்த வட்டத்துக்கும் பிறகு எல்லோருக்குமான வெளியீட்டுக்கும் உயர்த்தலாம். ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட்டில் சோதித்த பில்டையே ஆப் ஸ்டோருக்கு அனுப்பலாம்.

டிக்கெட் தளத்துக்குத் திரும்பினால், இந்த முறையில் அந்த வாரம் எப்படிப் போயிருக்கும்? இருக்கைப் படம் சரியில்லை, தள்ளுபடி மட்டும் வேண்டும் என்ற நெருக்கடி அப்படியேதான் இருக்கும். இப்போது இரண்டு வழிகள். இருக்கைப் படத்தின் கமிட்டை முதன்மைக் கிளையில் ரிவர்ட் செய்து, புதிய பில்டு எடுத்து, அதை முதல் கட்டத்திலிருந்து அனுப்பலாம். அப்போது பைசாக் கணக்கும் சேர்ந்து போய்விடும், 600 ரூபாய் என்ற தவறான தொகை அப்போதும் வரும். ஆனால் அது ஸ்டேஜிங்கில், டெஸ்டரின் கண்முன் வரும். பிழையே வராமல் தடுக்கும் சக்தி இந்த முறைக்குக் கிடையாது. பார்க்கப்படுகிற இடத்தில் பிழை வரும்படி செய்வதுதான் அதன் வேலை. இரண்டாவது வழி, அரைகுறையாக இருக்கிற அம்சத்தை ஃபீச்சர் ஃபிளாக் என்னும் சுவிட்சுக்குப் பின்னால் வைப்பது. நிரல் பில்டுக்குள் இருக்கும், சுவிட்ச் அணைந்திருப்பதால் பழைய இருக்கைப் படமே தெரியும். பைசாக் கணக்கு உள்ளேயே இருப்பதால் தள்ளுபடியும் சரியாக வரும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. புரொடக்‌ஷனில் எந்த சுவிட்சுகள் அணைந்திருக்கப்போகின்றனவோ அவற்றை அப்படியே அணைத்து வைத்து ஸ்டேஜிங்கில் ஒரு முறை சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவிட்ச் என்ற பெயரில் சோதிக்காத சேர்க்கை மறுபடியும் மக்களிடம் போய்ச் சேரும்.

சுவிட்சுகளின் ஆபத்துக்கும், எந்த சர்வரில் எது ஓடுகிறது என்று தெரியாமல் இருப்பதன் ஆபத்துக்கும் சேர்த்து ஒரே நிகழ்வைச் சான்றாகக் காட்டலாம். 2012 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிடல் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியிருந்தது. உண்மையில் ஏழில்தான் ஏறியிருந்தது. எட்டாவதில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் இருந்தது. புதிய அம்சத்துக்கு, அந்தப் பழைய நிரலுக்குரிய சுவிட்சையே மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்து சுவிட்சும் இயங்கியதும், எட்டாவது சர்வர் பழைய நிரலை எழுப்பி, நிறுத்தாமல் பங்கு ஆணைகளை அனுப்பத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். பில்டு நகர்த்தும் முறையை வைத்திருந்தாலும் சரிபார்ப்பு இல்லாவிட்டால் இது நேரக்கூடியதே. அதனால்தான் ஒவ்வொரு சர்வரும் தான் ஓட்டுகிற பில்டின் கைரேகையைக் கேட்டவுடன் சொல்லும்படி ஒரு முகவரியை வைப்பார்கள். ஏற்றி முடித்ததும் எட்டும் ஒரே விடையைச் சொல்கின்றனவா என்று தானியங்கியாகக் கேட்பது ஒரு நிமிட வேலை.

பழையதற்குத் திரும்பும் நேரத்தில்தான் இரண்டு முறைகளுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரிகிறது. கிளை முறையில் திரும்புவதென்றால் மெர்ஜை ரிவர்ட் செய்து, மீண்டும் பில்டு எடுக்க வேண்டும். அந்த பில்டும் புதியதுதான், நேற்று ஓடியது அல்ல. சில சமயம் பில்டே கிடைக்காமல் போகும். 2016 மார்ச்சில் `left-pad` என்ற 11 வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்களின் பில்டுகள் பாதியில் நின்றன. ஒரே பில்டு முறையில் நேற்றைய இமேஜ் களஞ்சியத்தில் அப்படியே இருக்கும். அதன் கைரேகையைக் கொடுத்து ஓடவிட்டால் போதும். தரவுத்தளத்துக்கு மட்டும் இந்த வசதி கிடையாது. புதிய பில்டு ஒரு பத்தியின் பெயரை மாற்றிவிட்டால் பழைய பில்டு அதைத் தேடி ஏமாறும். ஆகவே முதல் வெளியீட்டில் புதிய பத்தியைச் சேர்த்து இரண்டிலும் எழுதுவது, எல்லாம் நிலைத்த பிறகு இன்னொரு வெளியீட்டில் பழைய பத்தியை நீக்குவது என்று இரண்டு கட்டமாகப் போவார்கள்.

அவசர ஹாட்ஃபிக்ஸுக்கும் வழி இருக்கிறது. திருத்தம் முதலில் முதன்மைக் கிளையில் போகும். அங்கே வெளியிடத் தயாராகாத வேறு மாற்றங்கள் இருந்தால், இப்போது ஓடும் பில்டு எந்தக் கமிட்டிலிருந்து வந்ததோ அங்கிருந்து ஒரு சிறு கிளை பிரித்து, திருத்தத்தை மட்டும் அதில் வைத்து, பில்டு எடுத்து, அதையும் ஸ்டேஜிங் வழியாகவே அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கிளை நீக்கப்படும். வாடிக்கையாளர்களிடம் 4ஆம் பதிப்பும் 5ஆம் பதிப்பும் ஒரே காலத்தில் ஓடுகிற மென்பொருள்களில் பதிப்புக்கு ஒரு கிளை நீண்ட நாள் வாழத்தான் வேண்டும். அது ஒரு பதிப்பின் கிளை, ஓர் இடத்தின் கிளை அல்ல. அதிலிருந்து வரும் பில்டும் ஒரு முறை கட்டப்பட்டு நகர்த்தப்படலாம்.

ஏற்கெனவே மூன்று கிளைகளோடு ஓடிக்கொண்டிருக்கும் குழு ஒரே நாளில் மாற முடியாது. முதலில் `git cherry` காட்டும் `+` வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையானவற்றை முதன்மைக் கிளைக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பகுதி நேரம் இதில்தான் போகும், ஏனெனில் சில வரிகளை எழுதியவர்களே வேலையை விட்டுப் போயிருப்பார்கள். பிறகு `git diff staging production` காட்டும் வேறுபாடுகளில் முகவரிகள், கடவுச்சொற்கள் போன்றவற்றை நிரலிலிருந்து அமைப்புக் கோப்புகளுக்கு எடுத்துவிட வேண்டும். அதன்பின் ஸ்டேஜிங்கில் தேறிய இமேஜையே புரொடக்‌ஷனுக்குக் கொடுக்கும்படி தானியங்கியை மாற்றலாம். சில வெளியீடுகள் அப்படிப் போய் நிலைத்ததும், `staging`, `production` கிளைகளில் யாரும் எழுத முடியாதபடி பூட்டிவைத்து, பின்னர் நீக்கிவிடலாம்.